இருபத்தொன்பதில் ஒருத்தி

ஆதிலட்சுமி சென்னைக்கு வந்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

மகன் அன்பழகனுக்கு மஞ்சள் காமாலை என்று கேட்டதும், கீழாநெல்லிக் கட்டோடு ஆரணியில் பஸ் ஏறியவள் அவள். மகன் தேறினான், ஆபீஸ் போக ஆரம்பித்தான், ரசம் சாதத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற அளவுக்கு நல்லபடியாகவே ஆகிவிட்டான். இவள் மட்டும் ஊர் திரும்பவில்லை. காரணம் அன்பழகனுக்குத் தெரியும், நமக்கும் இதோ தெரிந்துவிடும். தெரியாதவர் ஆரணியில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு தறியில் உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் அய்யனார் ஒருவர்தான்.

மகள் கலையரசி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள்.

சந்தவாசல் கிராமத்துப் பையன் ஜீவானந்தத்தைக் கலை கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. படித்த பையன், நல்ல வேலை. ஆனால் அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஆரணியில் இவர்கள் தெருவுக்கு அந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது, மேற்கொண்டு எவரும் எதையும் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

பேச்சு இல்லாத மகளிடம் எப்படிப் பேசுவது? ஆதிலட்சுமி ஒரு வழி கண்டுபிடித்தாள். அது புத்திசாலித்தனமான வழி என்றுதான் அவளும் நினைத்தாள்.

தினமும் காலை எட்டு மணிக்கு அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டி வருவாள். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்புவாள். எதிரே வருகிற எல்லாருக்கும் ஒரு வணக்கம். எட்டேகாலுக்கு ஆபீஸ் வேன் பிடிக்க வருகிற கலையும் அந்த எல்லாரில் ஒருத்தி. அவளுக்கும் அதே வணக்கம்.

யார் யார் பதில் சொன்னார்கள் என்று விரல் கணுக்களில் எண்ணிக்கொள்வாள். வலது கையில் எதிர்ப்பட்டவர்கள், இடது கையில் பதில் சொன்னவர்கள். புடவைக்குப் பூ வரிசை எண்ணிப் பழகிய விரல்கள், தப்பு வராது.

முதல் நாள் முப்பத்து நாலு பேர். பதில் சொன்னவர்கள் இரண்டு பேர்.

அந்த இரண்டில் ஒருவர் வாட்ச்மேன் அன்பரசு. அவர் சல்யூட் அடித்தது சம்பளத்துக்கு என்று நினைத்து, அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துப் பிறகு போனால் போகிறதென்று சேர்த்தாள். இன்னொருவர் இஸ்திரி வண்டி சுப்பன், செய்யாறு பக்கத்து ஆள்.

தப்பு அவள் பேரிலும் இருந்தது. அன்றைக்கு அவள் வணக்கமா சொன்னாள்? "தூரமாங்க?" என்றல்லவா கேட்டாள். ஆரணியில் வெளியே கிளம்பியவரை எங்கே என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும். அதனால் தூரமா என்று கேட்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். இன்னொருவர் பர்ஸ் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து ஆதிலட்சுமி புலம்பியபோது அன்பழகன் சிரித்தான். பதில் எதிர்பார்க்கிற கேள்வியைக் கேட்டால் இந்த ஊரில் பயப்படுவார்கள், வெறும் வணக்கம் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இரு என்றான். அதோடு இன்னொன்றும் சொன்னான். ஒரு நாளைக்கு ஆயிரம் முகத்தைப் பார்க்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தால் யாரும் வேலைக்குப் போய்ச் சேர முடியாது, அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள் என்றான்.

"அது திமிர் இல்லம்மா. உன்னைத் தொந்தரவு பண்ணலன்னு அர்த்தம். இங்க அதான் மரியாதை."

அந்த வார்த்தையை ஆதிலட்சுமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஏனென்றால் கலையும் அப்படித்தான் போனாள். ஒரு தடவை பார்த்தாள், கண்ணைத் திருப்பிக்கொண்டாள், போய்விட்டாள்.

முப்பத்து நாலு பேரில் முப்பத்திரண்டு பேர் பதில் சொல்லாத ஊரில் மகள் ஒருத்தி பதில் சொல்லவில்லை என்றால் அதற்குப் பெயர் கோபமா? ஊர்ப் பழக்கம். மகள் பட்டணத்துக்காரி ஆகிவிட்டாள், அவ்வளவுதான். இதை நம்புவதற்காகத்தான் அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பதில் வராத கணக்கு எத்தனைக்கெத்தனை கூடியதோ அத்தனைக்கத்தனை அவளுக்கு அன்று சோறு இறங்கியது.

ஆனால் வணக்கம் என்பது சும்மா இருக்கிற சாமான் இல்லையே.

முதல் வாரம் அவள் நினைத்த நேரத்துக்குக் கிளம்பி, எட்டேகால் வரை நடந்தாள். தினம் ஒரு புது முகம். எட்டு மணி என்று வைத்துக்கொண்ட பிறகு முகங்களும் நிலைத்தன. அதே ஹெல்மெட் பெண், அதே டிபன் கேரியர் பெரியவர், அதே மூன்று காலேஜ் பெண்கள். புதிதாக யாரும் சேரவில்லை, கலையோடு சேர்த்து இருபத்தொன்பது பேர் வாடிக்கையானார்கள்.

எத்தனை அடி தள்ளி வரும்போது சொல்ல வேண்டும் என்பதும் பிடிபட்டது. பத்தடிக்கு முன்னால் சொன்னால் தனக்கில்லை என்று திரும்பிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் வந்த பிறகு சொன்னால் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறோம். நாலடியில் சொல்ல வேண்டும். அதுவும் முதலில் கண்ணைப் பார்த்து, பிறகு.

காதில் ஒயர் மாட்டியவர்களுக்கு வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை, தலையை அசைக்க வேண்டும். ஜோடியாகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள் பதில் சொல்லவே மாட்டார்கள், அதே ஆள் மறுநாள் தனியாக வந்தால் சொல்வார். முன்னால் போகிறவர் சிரித்துவிட்டால் பின்னால் வருகிறவரும் சிரிக்கிறார். வேன் வருகிற சத்தம் கேட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட நல்லவரும் நம்மைப் பார்க்க மாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவள் எதுவும் கேட்கப் போவதில்லை என்று அவர்களுக்கு உறுதிப்பட வேண்டியிருந்தது. அதற்குப் பத்து நாள் ஆயிற்று. பணம் கேட்கவில்லை, முகவரி விசாரிக்கவில்லை, சாமி புத்தகம் நீட்டவில்லை. சொல்கிறாள், போகிறாள்.

மூன்றாவது வாரம் புருவங்கள் உயர்ந்தன. போனைப் பிடித்த கையில் இரண்டு விரல் எழுந்தது. ஹெல்மெட் பெண் பேசவில்லை, ஆனால் வண்டியை ஒரு விநாடி மெதுவாக்கினாள். இதெல்லாம் பதிலில் சேர்த்தியா என்று வேறு யாராவது குழம்பியிருப்பார்கள். ஆதிலட்சுமிக்குக் குழப்பமே இல்லை.

அவள் தெருவில் பதில் வாயால் வராது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் போகிறவர் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தால் உள்ளே இருப்பவர் எழுந்து வர முடியுமா? காலை மிதியில் வைத்தபடி, நூலை நெருக்கும் பலகையின் ஒரே ஒரு அடியை நிறுத்துவார். சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். கேட்டேன், நல்லா இருக்கேன், போய் வாங்க என்று அத்தனையும் அதில் அடங்கிவிடும். அதைக் கேட்டுக்கொண்டுதான் போகிறவர் போவார். நிறுத்தாமல் ஓட்டினால் அந்த வீட்டுக்கும் அவருக்கும் ஆகாது என்று அர்த்தம்.

ஐந்தாவது வாரம் இன்னொரு விசித்திரம் நடந்தது. கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், நாலு மைல் தள்ளி. அங்கே கூட்டத்துக்குள்ளிருந்து ஹெல்மெட் பெண் ஓடி வந்தாள். நீங்க நம்ம தெரு ஆச்சே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு வார்த்தை பேசாதவள், வேறிடத்தில் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி தன் பெயர் அனுஷா என்று சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து, டோக்கன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து தெருவிலும் அவள்தான் முதலில் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆதிலட்சுமி ஒவ்வொருவராகப் பெயரும் கேட்டு வைத்துக்கொண்டாள். பெயர் சொல்லி வணங்கினால் ஒருவர்கூடப் பதில் சொல்லாமல் போகவில்லை. கால் தானாக நின்றுவிடுகிறது.

பதில் சொன்னவர் கணக்கு பதினாலு, பத்தொன்பது, இருபத்திநாலு என்று ஏறியது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவளுக்குச் சோறு இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

இன்று வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. அன்பரசு கேட்டைத் திறக்கும்போதே வணக்கம்மா என்றார். டிபன் கேரியர் பெரியவர் ஜெயச்சந்திரன் கேரியரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். காலேஜ் பெண்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கோரஸாகச் சொன்னார்கள். ஒயர் மாட்டியவன் ஒயரைக் கழற்றினான். இத்தனை நாளும் வாயைத் திறக்காத கண்ணாடிக்கார மனிதர் ஒருவர் உண்டு, இந்தத் தெருவிலேயே இவர் ஒருவரைத்தான் தன் மகளுக்குத் துணை என்று அவள் நம்பியிருந்தாள். அந்த மனிதரும் இன்று நின்று, "நேத்து உங்களைக் காணோமேம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நேற்று அவள் பத்து நிமிஷம் தாமதம்.

ஆதிலட்சுமி இடது கையில் எண்ணினாள். இரண்டு சுற்று முடிந்து நாலு கணு. இருபத்தெட்டு.

பிள்ளையார் கோயில் முனையில் கலை வந்துகொண்டிருந்தாள். நீலச் சுடிதார், தோளில் பை, ஈரம் காயாத தலை. லேப்பில் வேலை, நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.

நாலடி இருக்கும்போது ஆதிலட்சுமி கண்ணைப் பார்த்தாள். "வணக்கங்க."

கலை ஒரு தடவை பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொண்டாள். போய்விட்டாள்.

இருபத்தொன்பது பேரில் இருபத்தெட்டுப் பேர். ஊர்ப் பழக்கம் என்று இனி யாரிடம் போய்ச் சொல்வாள்? ஊர் பதில் சொல்லிவிட்டது. பதில் சொல்லாதவள் அவள் வயிற்றில் பிறந்தவள் ஒருத்திதான். கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அழுகை வந்தது, அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அன்பழகன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு எத்தனை என்று வழக்கம் போலக் கேட்டான். சொன்னாள். அவன் முகம் மாறியது. இந்த எண்ணுகிற வேலையை விட்டுவிடும்மா என்றான். அக்காவிடம் பல தடவை கேட்டுவிட்டதாகவும், அம்மாவையே கேளு என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்வதில்லை என்றும் சொன்னான்.

"அவகிட்ட நீ இன்னாம்மா பண்ணே?"

ஆதிலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் ஆபீஸுக்குக் கிளம்பினான்.

என்ன பண்ணினாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. நம்மிடமாவது இன்று சொல்லியாக வேண்டும்.

கலைக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம் ஒரு மதியம். தெருவில் எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள், தறிகள் நின்றிருந்தன. அய்யனார் பாவு நூல் விஷயமாக முதலாளி கடைக்குப் போயிருந்தார். ஓடிக்கொண்டிருந்தது ஆதிலட்சுமியின் தறி ஒன்றுதான். அப்போது வாசலில் அம்மா என்று குரல் கேட்டது. கலை தனியாகத்தான் வந்திருந்தாள்.

ஜன்னல் வழியே எதிர்வீடு தெரிந்தது. எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை ஆற்றிக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். கலையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே ஆதிலட்சுமியைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறாய் என்பது போல ஒரு பார்வை.

அம்மா என்று இரண்டாவது தடவை கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்டது.

ஆதிலட்சுமி தறியை நிறுத்தவில்லை.

எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டாம், ஒரே ஒரு அடியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கால் பாட்டுக்கு மிதித்தது, கை நூல் ஓட்டும் நாடாவை இழுத்தது, பலகை அடித்தது. குரல் நின்று வெகு நேரம் கழித்துத்தான் அவள் தலையைத் தூக்கினாள். அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும்போது அபிதகுசாம்பாள், நல்ல காரியம் பண்ணே என்று மெல்லச் சொன்னாள். அய்யனாரிடம் சொல்லாதே என்று இவள் கேட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி அந்த ஒரு வாக்கை மட்டும் காப்பாற்றினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அய்யனார் ஒன்றைச் சொல்வார். பெத்தவங்க உயிரோட இருக்கிறோமான்னுகூட அவ வந்து எட்டிப் பாக்கல என்பார். ஆதிலட்சுமி அவருக்குச் சாதம் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. ஆறு மணிக்கு வேன் திரும்பி வரும் என்று தெரியும். ஐந்தரைக்கே பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றுவிட்டாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

வேன் நின்றது. கலை இறங்கினாள். சாயங்காலத்தில் அம்மா நிற்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஒரு கணம் தயங்கினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

நாலடி வந்தது. ஆதிலட்சுமி வணக்கம் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. கலை தாண்டிப் போனாள்.

"கலை."

நடந்தாள்.

"கலை. ஏ கலை."

பெயரைச் சொன்னால் கால் நிற்கும் என்று ஆதிலட்சுமிக்கு நாள் கணக்காகத் தெரியும். தெரிந்தும் இந்த ஒருத்தியிடம் அதைச் சொல்லிப் பார்க்கப் பயம். நிற்காமல் போய்விட்டால்? மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கலை நின்றாள், திரும்பினாள்.

"இன்னா வேணும் உங்களுக்கு?"

பிறந்ததிலிருந்து அம்மாவை நீ என்று கூப்பிட்டவள். அவள் வாயில் அந்த மரியாதை ஒன்றே ஆதிலட்சுமிக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

"தினமும் சொல்லிகினு இருக்கேனே கண்ணு. காதுல விழலியா?"

"விழுது. காது நல்லாத்தான் கீது."

"ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னா இன்னா?"

"இன்னான்னு சொல்லட்டும்?" கலை பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "வாட்ச்மேனுக்கு வணக்கங்க. இஸ்திரிக்காரருக்கு வணக்கங்க. எனக்கும் வணக்கங்க. நானும் வணக்கங்கன்னு சொல்லிட்டு வேன் ஏறணுமா? பெத்த பொண்ணு அதான் பதில் சொல்லணுமா உனக்கு?"

உங்களுக்கு போய் உனக்கு வந்துவிட்டது. வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஆதிலட்சுமி எதிர்வீட்டைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அபிதகுசாம்பாள் நின்றிருந்ததைச் சொன்னாள். பார்த்தேன் என்றாள் கலை, நானும்தான் அவளைப் பார்த்தேன். ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அறுபத்திரண்டு" என்றாள் கலை.

"இன்னாம்மா?"

"அன்னிக்கு வாசல்ல நின்னு எண்ணிகினு இருந்தேன். உன் பலகை அடிய. உன் தறிச் சத்தம் எனக்குத் தெரியாதா? இடது கால் மிதிக்கறப்ப கொஞ்சம் இழுத்துக்கும். சரி, நூல் அறுந்துருக்கும், இதோ நிறுத்துவா, அடுத்த அடில நிறுத்துவான்னு எண்ணினேன். நூறு வரைக்கும் பாக்கலாம்னுதான் இருந்தேன். அறுபத்திரண்டுக்கு மேல நிக்க முடியல. வந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆதிலட்சுமிக்குத் தெரிந்தது. மகளின் கையைப் பிடிக்கப் போனாள். கலை கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கை திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டக் காலி பண்றோம். ஜீவாவுக்குப் புனேல வேலை. அன்பு சொல்லலியா?"

சொல்லவில்லை. மகன் எதற்காக மறைத்தான் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. இன்று வியாழன்.

"அப்பாவுக்கு நான் வந்தது தெரியுமா?"

ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

கலையின் கண்கள் இப்போதுதான் முதல் முறையாக நிறைந்தன.

"நான் எட்டியே பாக்கலன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்காராம். அன்புகிட்ட போன்ல அழுதாராம். எனக்கு ஒண்ணும் பண்ண வேணாம் நீ. அவருகிட்ட நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடு."

அவ்வளவுதான். கையை மெல்ல எடுத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளையார் கோயில் முனை வரை ஆதிலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடிக்கு ஒரு நாள் என்று வைத்தால், அறுபத்திரண்டில் வந்த நாள் நாற்பத்து மூன்று போனால் பத்தொன்பது. இன்னும் பத்தொன்பது நாள் அவள் பதில் சொல்லாமல் போயிருந்தாலும் ஆதிலட்சுமி தாங்கியிருப்பாள், கணக்கு தீர்ந்தது என்று மனசு ஆறியிருக்கும். பத்தொன்பது நாளுக்கு எங்கே போவது? நடுவில் இருப்பது வெள்ளியும் சனியும்தான்.

திரும்பி நடந்தாள். வேலை முடிந்து வருகிற நேரம், தெரு நிறைய அவளுக்குத் தெரிந்த முகங்கள். ஜெயச்சந்திரன் காலிக் கேரியரைத் தூக்கிக் காட்டி வணக்கம் சொன்னார். அனுஷா வண்டியை நிறுத்தி, ஆன்ட்டி என்றாள். காலேஜ் பெண்கள் கை ஆட்டினார்கள். கண்ணாடிக்காரர் நின்றார். ஆதிலட்சுமி அவர்கள் நடுவே நடந்து வந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை, ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

"இன்னாம்மா, ஒரே பேஜாரா?" என்று சுப்பன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதற்கும் பதில் இல்லை. அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் அன்பரசுவிடம் சொன்னார். திமிர் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் அன்பழகன் இன்னும் வரவில்லை. போனை எடுத்து ஆரணிக்குப் போட்டாள்.

"ஆதியா?" என்றார் அய்யனார். கூப்பிட்டதும் தறியை நிறுத்திவிட்டுத்தான் எடுத்திருக்கிறார், மூச்சு வாங்கியது. சாப்பிட்டாயா என்றார். அன்புக்குக் கண்ணில் மஞ்சள் போய்விட்டதா என்றார். நாளைக்காவது கிளம்பி வருகிறாயா, உன் தறியில் பாவு அப்படியே கிடக்கிறது என்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும். நடுவுல எதுவும் கேக்காதீங்க."

சொன்னாள். மதியம் என்றாள், மூன்று தடவை கூப்பிட்டாள் என்றாள். வாசல், எதிர்வீடு, தறி எல்லாம் சொன்னாள். அறுபத்திரண்டு என்பதையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை புனேவுக்குப் போகிறாள் என்பதையும் சொன்னாள், அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"ஹலோ" என்றாள்.

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தாள்.

"ஹலோ. கேக்குதுங்களா?"

அய்யனார் மூச்சு விடுவது கேட்டது. அவருக்குப் பின்னால் எதிர்வீட்டில், அபிதகுசாம்பாள் வீட்டில், தறி ஓடிக்கொண்டிருந்தது. பலகை அடி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

"ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள் ஆதிலட்சுமி.

கட்டைவிரல் அவளை அறியாமல் சுண்டுவிரலின் முதல் கணுவுக்குப் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. இந்த அடியில் பேசிவிடுவார், அடுத்த அடியில் பேசிவிடுவார் என்று அவள் எண்ண ஆரம்பித்தாள்.